சின்ன ஊரில் ஸ்டடி ஹால் தொடங்குமுன்: வாடகை, இணையம், காசு கொடுக்கப்போகிற ஆள்

பெரும்பாலானவர்கள் இதை இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். காலியாக ஒரு ஹால் கண்ணில் படுகிறது, வாடகை பரவாயில்லை என்று தோன்றுகிறது, மேசை நாற்காலி வாங்கிப் போட்டு வைஃபை மாட்டிவிட்டால் ஆள் வந்துவிடும் என்று நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய நகரத்தில் இது சில சமயம் ஓடிவிடும். சின்ன ஊரில் மொத்தமாகவே இதற்குக் காசு கொடுக்கக்கூடியவர்கள் முப்பது நாற்பது பேர்தான் இருப்பார்கள், அதனால் அவர்களை முகம் தெரிந்து எண்ணிவிட்டு அப்புறம்தான் இடத்துக்குப் போக வேண்டும். நான் இப்படி ஒரு இடத்தை நடத்தியவன், இன்னும் இரண்டு பேர் தொடங்கும்போது கூட நின்றவன். அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு அளவுகோல். இந்தக் கட்டுரை முழுக்க நான் பணத்தில் கணக்குச் சொல்லப் போவதில்லை. ஒரு மாணவர் ஒரு மாதத்துக்கு ஒரு சீட்டுக்குக் கொடுக்கும் தொகையை ஒரு சந்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை எத்தனை சந்தா, இணையம் எத்தனை சந்தா, கூட்டிப் பெருக்குபவர் சம்பளம் எத்தனை சந்தா என்று எல்லாவற்றையும் அதிலேயே எண்ணுங்கள். வாடகை ஏழு சந்தா என்றால் மாதத்தின் முதல் ஏழு பேர் கட்டிட உரிமையாளருக்காக உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று அர்த்தம். இப்படி யோசித்தால், குறைவு என்று நினைத்த வாடகைகூடச் சில சமயம் பயமுறுத்தும்.

படி 1: யார் கொடுப்பார்கள் என்று பெயர் எழுதுங்கள்

ஒரு நோட்டில் இரண்டு பக்கம். ஒரு பக்கம் தேர்வுக்குப் படிப்பவர்கள், இன்னொரு பக்கம் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள். இரண்டையும் கலக்காதீர்கள், ஏனென்றால் அவர்கள் வாங்குவது வேறு வேறு பொருள்.

தேர்வுக்குப் படிப்பவர் வாங்குவது நேரம். வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிறது, தம்பி தங்கை சத்தம், நூலகம் சாயங்காலமே பூட்டிவிடுகிறது. அவருக்கு விடியற்காலையும் இரவும்தான் முக்கியம். நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் நீங்களும் திறந்திருந்தால், இலவசமாகக் கிடைப்பதை நீங்கள் விலைக்கு விற்கிறீர்கள். அவர் ஒரு நாளில் பத்து மணி நேரம் உட்காருவார், குறைவாகத்தான் கொடுப்பார், பெரும்பாலும் அந்தப் பணம் பெற்றோருடையது. தேர்வு முடிந்த மறுவாரம் காணாமல் போய்விடுவார்.

வேலை பார்ப்பவர் வாங்குவது உத்தரவாதம். பதினொரு மணிக் கூட்டத்தில் இணைப்பு அறுந்துபோகக் கூடாது, மின்சாரம் போகக் கூடாது, பின்னால் குழந்தை அழக் கூடாது. அதற்காக மாணவரைப் போல இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு கொடுப்பார். ஆனால் சின்ன ஊரில் இவர்கள் எண்ணிக்கை குறைவு, அதிலும் பலருக்கு வீட்டிலேயே நல்ல இணையம் இருக்கும். வீட்டில் ஏதாவது பழுதாகும் நாளில் மட்டும் ஓடி வருவார்கள். அப்படி ஒரு நாள் கட்டணத்தில் வருபவர்களை வருமானக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள், வந்தால் மேல்வரவு.

பெயர் எழுதும்போது "இப்படி ஒரு இடம் வந்தால் வருவீர்களா" என்று கேட்டால் எல்லோரும் வருவேன் என்பார்கள். சொல்லக் காசு ஆகாது. அதற்குப் பதிலாக நேற்றைப் பற்றிக் கேளுங்கள். நேற்று எங்கே உட்கார்ந்து படித்தீர்கள், எத்தனை மணி வரை, எதனால் எழுந்தீர்கள், இதற்காக இதுவரை எங்காவது காசு கொடுத்திருக்கிறீர்களா. நேற்று எட்டு மணி நேரம் சமையலறை மேசையில் உட்கார்ந்து நான்கு முறை எழுந்தவர் உங்கள் ஆள். நேற்று படிக்கவே இல்லாதவர் உங்கள் ஆள் இல்லை, எவ்வளவு ஆர்வமாகப் பேசினாலும் சரி. வேலை பார்ப்பவரிடம் இன்னொரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: ரசீது கொடுத்தால் உங்கள் நிறுவனம் இந்தச் செலவைத் திருப்பித் தருமா? தரும் என்றால் அவர் விலை பேசவே மாட்டார்.

எங்கே தேடுவது? நூலகம் மூடும் நேரத்தில் அதன் வாசலில் நில்லுங்கள். பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, வீட்டுக்குப் போக மனமில்லாமல் படிக்கட்டிலேயே புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பவர்களை எண்ணுங்கள். இரண்டு வாரம், வெவ்வேறு கிழமைகளில். அடுத்து பயிற்சி மையங்கள், அப்புறம் இணைய இணைப்பு போட்டுத் தரும் ஆள். ஊரில் யார் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள் என்று அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும், பழுது என்றால் முதலில் சத்தம் போடுபவர்கள் அவர்கள்தான். யார் எண்ணையும் அவரிடம் கேட்டு வாங்காதீர்கள், உங்கள் எண்ணை அவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பணம். பட்டியலில் உள்ளவர்களிடம் முதல் மாதச் சந்தாவில் பாதியை முன்பணமாகக் கேளுங்கள், இந்தத் தேதிக்குள் திறக்காவிட்டால் முழுசாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். வருவேன் என்ற நாற்பது பேரில் பத்து பேர் கொடுத்தால் மேலே போகலாம். மூன்று பேர் கொடுத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். அந்த இரண்டு வாரம் வீண் இல்லை, மூன்று வருட வாடகை ஒப்பந்தத்திலிருந்து தப்பித்திருக்கிறீர்கள்.

படி 2: இடத்தைக் கண்ணால் பார்க்காதீர்கள், காதால் பாருங்கள்

வாடகை பேசுவதற்கு முன் அந்த ஹாலில் மூன்று வேளை போய் உட்காருங்கள். காலை ஆறு மணி, பகல் பதினொன்று, இரவு எட்டு. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், கையில் ஒரு கனமான புத்தகத்தோடு. நீங்களே படிக்க முடிகிறதா என்று பாருங்கள். போனில் ஒலி அளக்கும் செயலி இருந்தால் போடுங்கள், அதன் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட உதவும். நல்ல நூலகத்தில் சுமார் 40 டெசிபல் இருக்கும், சாதாரணப் பேச்சு 60 பக்கம்.

எண்ணைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சீராக ஓடும் மின்விசிறிச் சத்தம் யாரையும் தொந்தரவு செய்யாது. புரியும்படி காதில் விழும் ஒரே ஒரு வாக்கியம் படிப்பைக் கெடுத்துவிடும். பக்கத்துக் கடையில் பேரம் பேசுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்டால் அந்த இடம் வேண்டாம். தெருவில் வண்டி போகும் இரைச்சல் மொத்தமாகக் கேட்டால் ஜன்னலுக்கு ஏதாவது செய்து சமாளிக்கலாம்.

இதே காரணத்தால்தான் வேலை பார்ப்பவரும் மாணவரும் ஒரே ஹாலில் உட்காரும்போது சண்டை வருகிறது. வேலை பார்ப்பவர் போனில் மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் எதிரே இல்லாத ஒருவரிடம் பேசும் பாதிப் பேச்சு மற்றவர்கள் காதை இழுத்துக்கொண்டே இருக்கும். என் இடத்தில் முதல் மூன்று மாதத்தில் விலகிய ஆறு மாணவர்களில் நான்கு பேர் சொன்ன காரணம் இதுதான், ஒருவர்கூட இணையத்தைக் குறை சொல்லவில்லை. அதனால் பேசுவதற்கென்று தனிக் கேபின் இல்லாமல் வேலை பார்ப்பவர்களைச் சேர்க்கவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கேபினைச் சோதிப்பது சுலபம். உள்ளே ஒரு போனை வைத்து யாராவது சாதாரணக் குரலில் பேசும் பதிவை ஓடவிடுங்கள், கதவைச் சாத்துங்கள், பக்கத்து மேசையில் உட்காருங்கள். முணுமுணுப்பு கேட்கலாம், வார்த்தை புரியக் கூடாது. புரிந்தால் சுவரைச் சந்தேகிக்குமுன் கதவுக்கு அடியில் பாருங்கள். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தும் பலன் இல்லை. கதவின் அடியிலும் சட்டத்தைச் சுற்றியும் ரப்பர் பட்டை ஒட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். அப்புறம் உள்ளே காற்று: இருபது சதுர அடி அறையை இறுக்கிச் சாத்தினால் அரை மணி நேரத்தில் புழுங்கும், அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார், நீங்கள் செய்த எல்லாம் வீண். சத்தம் குறைவான ஒரு சின்ன வெளியேற்று விசிறி கட்டாயம் வேண்டும்.

நாற்காலிக் கால்களுக்கு அடியில் ரப்பர் குமிழ் போடுவதை மறக்காதீர்கள். வெறும் தரையில் ஒரு நாற்காலி இழுபடும் கிரீச் சத்தத்துக்கு இருபது தலை நிமிரும்.

படி 3: இணையத்தை வேகத்தால் அளக்காதீர்கள்

விளம்பரத்தில் போட்டிருக்கும் வேகம் உங்கள் பிரச்சினையே இல்லை. ஒரு வீடியோ அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் அதிகபட்சம் 4 எம்பிபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் 16. பதினெட்டு மாணவர்களும் ஒரே நேரத்தில் பாட வீடியோ பார்த்தால்கூட, தலைக்கு 3 வைத்தால் 54. ஆக இறங்குவதற்கு 100, ஏறுவதற்கு உண்மையிலேயே 30 கிடைத்தால் போதும். ஏறும் வேகத்தைத் தனியாகக் கேளுங்கள், பல திட்டங்களில் அதைச் சொல்லாமலேயே குறைத்து வைத்திருப்பார்கள்.

வாடிக்கையாளரை விரட்டுவது வேறு: நடுவில் அறுந்துபோவது, ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போது மற்றவர்கள் குரல் உடைவது. இதைக் கண்டுபிடிக்க ஒப்பந்தம் போடுமுன், அதே கட்டிடத்தில் அதே நிறுவன இணைப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் அனுமதி கேட்டு இரவு எட்டிலிருந்து பத்துக்குள் உட்காருங்கள். ஊரே வீடியோ பார்க்கும் நேரம் அது. விண்டோஸ் கணினியில் Command Prompt திறந்து இதை ஓட்டுங்கள்:

```
ping -n 600 8.8.8.8
```

சுமார் பத்து நிமிடம் ஓடும். முடிவில் வழியில் தொலைந்த பாக்கெட்டுகளின், அதாவது சின்னத் தரவுத் துண்டுகளின், சதவீதமும், ஒரு துண்டு போய்த் திரும்ப எடுத்த குறைந்த, அதிக, சராசரி நேரமும் வரும். இழப்பு ஒரு சதவீதத்துக்கு மேல் போனால் குரல் உடையும். நடுநடுவே `Request timed out` தொடர்ந்து ஐந்தாறு வரி வந்தால் இணைப்பு அறுந்து ஒட்டுகிறது, அந்த இணைப்பை நம்ப முடியாது. இதை வைஃபையில் ஓட்டாதீர்கள், ரூட்டரிலிருந்து கேபிள் போட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் வைஃபையின் குறையை நிறுவனத்தின் தலையில் போட்டுவிடுவீர்கள்.

அப்புறம் அதே கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய வீடியோ கோப்பை இணையத்தில் ஏற்றுங்கள். போய்த் திரும்பும் நேரம் 20 மில்லிசெகண்ட் இருந்தது 40, 50 ஆனால் பரவாயில்லை. 300, 400 என்று ஏறினால், அனுப்ப வேண்டிய தரவு ரூட்டரில் வரிசையாக முட்டி நிற்கிறது. திட்டத்தின் வேகத்தைக் கூட்டி வாங்குவது இதற்கு மருந்தில்லை. இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் `SQM` என்ற வசதி உள்ள ரூட்டரை வாங்கி, அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை அதில் உச்சவரம்பாக வையுங்கள். கொஞ்சம் வேகம் போகும், யார் எதை ஏற்றினாலும் அடுத்தவர் அழைப்பு கெடாது.

இரண்டாவது இணைப்பு கட்டாயம். ஆனால் இரண்டு நிறுவனப் பெயர் இருப்பதால் இரண்டு இணைப்பு ஆகிவிடாது. கட்டிடத்திலிருந்து வெளியே வந்து இரண்டு கேபிளும் எந்தக் கம்பத்தில் போகின்றன என்று தலையைத் தூக்கிப் பாருங்கள். ஒரே கம்பம் என்றால் ஒரு லாரி மோதினால் இரண்டும் போகும். அப்படி இருந்தால் இரண்டாவதாக மொபைல் நெட்வொர்க்கில் ஓடும் ரூட்டரை வையுங்கள். முதல் இணைப்பு போனால் அதுவாகவே மாறிக்கொள்ளும் ரூட்டராக இருக்கட்டும், நீங்கள் ஓடிப்போய்க் கேபிள் மாற்றுவதற்குள் வேலை பார்ப்பவருடைய கூட்டம் முடிந்துவிடும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் இன்வெர்ட்டர் ரூட்டரைத் தாங்கும், சரி. தெருவில் இருக்கும் இணைய நிறுவனத்தின் சுவிட்ச் பெட்டிக்கு பேட்டரி இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் ஹாலில் விளக்கு எரியும், ரூட்டர் மினுக்கும், இணையம் இருக்காது. மின்வெட்டு நாளில் அந்தத் தெருவில் இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்காரரிடம் "இப்போது நெட் வருகிறதா" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். நிறுவனத்தில் கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

உள்ளே, வேலை பார்ப்பவர்களின் மேசைகளுக்கும் கேபின்களுக்கும் கேபிள் இழுத்துவிடுங்கள். மாணவர்களுக்கு வைஃபை போதும்.

படி 4: ஒரு கணக்கைக் கடைசி வரை போடுவோம்

800 சதுர அடி ஹால். ஒரு மாணவர் சீட்டுக்கு நடைபாதைப் பங்கோடு 25 சதுர அடி, பதினெட்டு சீட்டுக்கு 450. வேலை மேசைக்கு 40, நான்குக்கு 160. கேபின் இரண்டு, 40. மீதி 150 வாசல், கழிப்பறை, செருப்பு, பை வைக்கும் அலமாரி. இதற்கு மேல் நெருக்கினால் முழங்கை இடிக்கும், முழங்கை இடித்தால் பேச்சு வரும்.

வருமானம், எல்லாம் நிரம்பினால்: மாணவர்கள் 18 சந்தா, வேலை மேசைகள் நான்கும் இரண்டரை வீதம் 10, மொத்தம் 28. இந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், இது எந்த மாதமும் வராது.

செலவு: வாடகை 7, இரண்டு இணைப்பும் சேர்த்து 1, மின்சாரம் 2, திறந்து பூட்டிக் கூட்டும் ஒருவர் சம்பளம் 4, பழுது, தண்ணீர், சில்லறை 1. மேசை, நாற்காலி, கேபின், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 72 சந்தா ஆனது என்றால் அதை 36 மாதத்தில் பிரித்து மாதம் 2. ஆக 17.

இனி வருடம். ஏழு மாதம் நன்றாக ஓடுகிறது, பதினைந்து மாணவர், மூன்று வேலை மேசை: 22.5 வரவு, மாதம் 5.5 மிச்சம், ஏழு மாதத்துக்கு 38.5. மூன்று மாதம் சுமாராக ஓடுகிறது, பதினொரு மாணவர், இரண்டு மேசை: 16 வரவு, மாதம் ஒன்று நட்டம், மொத்தம் 3. தேர்வு முடிந்த இரண்டு மாதம் ஆறு மாணவர், இரண்டு மேசை: 11 வரவு, மாதம் 6 நட்டம், மொத்தம் 12. வருடக் கடைசியில் கையில் 23.5 சந்தா. மாதத்துக்கு இரண்டுகூட இல்லை. கூட்டிப் பெருக்குபவருக்கு நீங்கள் தருவதில் பாதி, விடியற்காலை போனை எடுத்து நள்ளிரவில் கணக்கு எழுதும் உங்களுக்கு.

இதே இடத்தின் வாடகை 5 சந்தாவாக இருந்தால் வருடத்துக்கு 24 மிச்சமாகிறது, உங்கள் பங்கு இரண்டு மடங்கு ஆகிறது. அதனால் நான் வைத்திருக்கும் வரம்பு இது: எல்லா சீட்டும் நிரம்பினால் வரும் தொகையில் வாடகை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 28-க்கு ஐந்து என்றால் உள்ளே, ஏழு என்றால் கால் பங்கு, வெளியே. முக்கியச் சாலையில் தரைத்தளம் வேண்டாம், இந்தத் தொழிலுக்கு வழிப்போக்கர் கண்ணில் பட வேண்டிய தேவையே இல்லை. உள் தெருவில் முதல் மாடி வாடகையும் குறைவு, சத்தமும் குறைவு.

சீட்டைக் காலை மாலை என்று இரண்டு பேருக்கு விற்றால் வருமானம் கூடாதா என்று கேட்பார்கள். அரை நாளுக்கு 0.6 சந்தா வாங்கினால் ஒரு சீட்டில் 1.2 வரும், கூடுவது 0.2 மட்டும். பதிலுக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் தினமும் அரை மணி நேரம் ஹாலில் சலசலப்பு, யார் பை யாருடையது என்ற தகராறு. வரிசையில் ஆள் காத்திருந்தால் மட்டும், ஓரத்து நான்கு சீட்டில் செய்யுங்கள்.

வெறுமையான இரண்டு மாதங்களுக்கு வேலை மேசைக்காரர்கள்தான் தூண். இரண்டு பேர் மேசையும் நிலையாக இருந்தால் ஐந்து மாணவர்களுக்குச் சமம், தேர்வுக் காலண்டர் அவர்களைத் தொடாது. மாணவர்களிடம் மூன்று மாதச் சந்தாவைச் சேர்த்து வாங்கிப் பத்து சதவீதம் குறைப்பதும் உதவும், அந்தப் பணத்தை மட்டும் முதல் மாதமே செலவழித்துவிடாதீர்கள்.

படி 5: ஒப்பந்தம்

உரிமையாளரிடம் நான்கு விஷயம் எழுத்தில் வாங்குங்கள். முதல் ஆறு மாதத்தில் ஒரு மாத அறிவிப்போடு வெளியேறலாம் என்பது, வருடாந்திர வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு, இரவும் விடியற்காலையும் திறந்திருக்க அனுமதி, கேபிளும் கேபினும் போட அனுமதி. மூன்றாவதை வாய்வார்த்தையாக விட்ட ஒருவருக்கு, மேல்வீட்டில் குடியிருந்தவர்கள் புகார் சொன்னதும் இரவு எட்டு மணிக்குப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். நூலகத்தின் நேரத்துக்கே திரும்பி வந்துவிட்டார், மாணவர்கள் நூலகத்துக்கே திரும்பிப் போனார்கள். இரவு நேரம் கிடைக்காது என்றால் வாடகை எவ்வளவு குறைந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமையையும் அப்போதே பாருங்கள். குளிர்சாதனம் இரண்டு ஓடினால் தாங்குமா என்று மின்பணியாளர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தாங்காவிட்டால் யார் செலவில் கூட்டுவது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

கேபின், கேபிள், தரை என்று சுவரோடு ஒட்டிப்போவதற்கு முடிந்தவரை குறைவாகச் செலவழியுங்கள். கழற்றி எடுத்துப்போகக்கூடிய மேசை, நாற்காலி, இன்வெர்ட்டர், ரூட்டரில் போடுங்கள். இடம் சரிவரவில்லை என்றால் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம், பட்டியலில் உள்ள பத்து பேரும் கூடவே வருவார்கள்.